149 எடுத்தவருக்கு யார் பதில் சொல்வது? எஃப்.எம்.ஜி.இ மறுபரிசீலனை பற்றி ஒரு நீண்ட இழை

1/ வெளிநாட்டுல மருத்துவம் படிச்சுட்டு வர்றவங்க இந்தியாவுல டாக்டரா பதிவு பண்ணணும்னா எஃப்.எம்.ஜி.இ தேர்வு எழுதணும். 300 கேள்வி. 150 எடுத்தா பாஸ், 149 எடுத்தா ஃபெயில். இதுல எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. கோடு எங்கேயாவது போட்டுத்தான் ஆகணும். என் சண்டை வேற. "அந்த 149 சரியான 149 தானா?"ன்னு கேட்க எழுதினவருக்கு வழியே இல்லை. அதைப் பத்திதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ முதல்லயே சொல்லிடறேன். நான் இங்கேயே அரசுக் கல்லூரியில எம்.பி.பி.எஸ் முடிச்சவன். இந்தத் தேர்வை எழுதினதும் இல்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஆனா அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும், பிலிப்பைன்ஸ், ரஷ்யா, சீனா, ஜார்ஜியான்னு படிச்சுட்டு வந்து பயிற்சி மருத்துவரா நைட் டியூட்டி பார்க்கிற பிள்ளைங்க எத்தனை பேர்னு. பாஸ் ஆகாம வீட்டுல உட்கார்ந்திருக்கிறவங்க அதைவிட அதிகம்.

3/ இந்தத் தேர்வை நடத்துறது என்.பி.இ.எம்.எஸ் என்கிற தேசிய மருத்துவத் தேர்வு வாரியம். ஜூன்ல ஒண்ணு, டிசம்பர்ல ஒண்ணு, வருஷத்துக்கு ரெண்டு முறை. கணினியில நாலு விடைல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். நெகட்டிவ் மார்க் கிடையாது. எத்தனை தடவை வேணாலும் எழுதலாம். ஒவ்வொரு தடவையும் கட்டணம் தனி.

4/ ரிசல்ட் எப்படி வரும் தெரியுமா? மொத்த மதிப்பெண், பாஸ் இல்ல ஃபெயில். அவ்வளவுதான். எந்தக் கேள்விக்கு என்ன விடை குறிச்சோம், வாரியம் எதைச் சரின்னு வச்சிருக்கு, எதுவும் கையில வராது. தகவல் குறிப்பேட்டுலயே தெளிவா போட்டிருப்பாங்க: மறுகூட்டல் கிடையாது, மறுமதிப்பீடு கிடையாது, இது சம்பந்தமா வர்ற கடிதங்களுக்குப் பதிலும் கிடையாது. போதாததுக்கு, கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன்னு எழுதுறவங்க ஒப்புதலும் கொடுத்துட்டுத்தான் உள்ளே போறாங்க.

5/ "ரீவேல்யூவேஷன்"னு எல்லாத்தையும் ஒரே வார்த்தையில சொல்லிடறோம். உள்ளே மூணு தனித்தனி கேள்வி இருக்கு. ஒண்ணு, கூட்டல் சரியா? ரெண்டு, நான் அழுத்தின விடையைத்தான் கணினி பதிவு பண்ணுச்சா? மூணு, அவங்க சரின்னு வச்சிருக்கிற விடை உண்மையிலேயே சரியா? முதலாவது, கணினித் தேர்வுல தப்பாகிறது ரொம்ப ரொம்ப அபூர்வம். அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ரெண்டாவது எப்போவாவது நடக்கலாம். மூணாவதுதான் உண்மையான பிரச்சினை.

6/ மருத்துவத்துல "சரியான விடை" மாறிக்கிட்டே இருக்கும். ஒரு உதாரணம், காசநோய். முன்னாடி ஒருமுறை டி.பி. மாத்திரை சாப்பிட்டு பாதியில விட்டவர் மறுபடி சளியில கிருமியோட வர்றார். என்ன மருந்து? நான் படிச்ச காலத்துல கண்ணை மூடிட்டு எழுதுவோம்: "இரண்டாம் வகை". வாரத்துக்கு மூணு நாள் மாத்திரை, கூடவே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. ஊசி போட்டு போட்டு நோயாளிக்கு இடுப்பெல்லாம் வலிக்கும், சிலருக்குக் காது கேட்காமப் போகும்.

7/ இன்னைக்கு அப்படி எழுதினா தப்பு. 2017-ல இருந்து நாடு முழுக்க தினசரி மாத்திரை முறைக்கு மாறிட்டோம். அந்த "இரண்டாம் வகை"யையே தூக்கியாச்சு. இப்போ முதல் வேலை, சளியை சிபிநாட் மாதிரி மெஷின்ல போட்டு ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா, செய்யாதான்னு பார்க்கிறது. வேலை செஞ்சா, புது நோயாளிக்குத் தர்ற அதே ஆறு மாச மருந்து. வேலை செய்யலைன்னா வேற பாதை. ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கிற எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க.

8/ இப்போ ஒரு கணக்குப் போடுவோம். உதாரணத்துக்குத்தான், யாரையும் குறிப்பிடலை. கேள்வி வங்கியில பழைய கேள்வி ஒண்ணு இருக்கு. விடை "ஆ" (ஊசியோட பழைய முறை). "இ"யில புது முறை இருக்கு. எழுதப்பட்டபோது "ஆ" சரிதான். யாரும் தூசி தட்டிப் பார்க்கலை. அது தாள்ல வந்துடுச்சு. வார்டுல இப்போ நடக்கிறதைப் படிச்ச ஒரு பொண்ணு "இ" போடுது. பழைய நோட்ஸை மனப்பாடம் பண்ண இன்னொருத்தர் "ஆ" போடறார். பொண்ணுக்கு 149. அவருக்கு 150.

9/ "தப்பான விடைக்குறிப்பு இருந்தா எல்லாருக்கும்தானே அடி? யாருக்கும் நஷ்டம் இல்லையே"ன்னு சிலர் சொல்றாங்க. ரேங்க் போடற நுழைவுத் தேர்வுல இந்த வாதத்துக்கு ஓரளவு இடம் உண்டு, ஏன்னா அங்கே பக்கத்துல இருக்கிறவரோட ஒப்பிடறாங்க. எஃப்.எம்.ஜி.இ அப்படி இல்லை. இது தகுதிச் சான்றுத் தேர்வு. 2002 விதிமுறைப்படி 50 சதவீதம், அதாவது 150, நிலையான கோடு. தாள் கஷ்டமா இருந்தாலும் 150, சுலபமா இருந்தாலும் 150. எல்லாருக்கும் ஒரு மார்க் போச்சுன்னா, 149-ல நிக்கிற அத்தனை பேரும் விழுவாங்க. 170 எடுத்தவருக்குத் தெரியவே தெரியாது.

10/ இதுக்கு எதிரா சொல்ற வாதங்கள்ல ஒண்ணை நான் மதிக்கிறேன்: "டாக்டர் தொழில்ல உயிர் சம்பந்தப்பட்டிருக்கு. 149 எடுத்தவரை இரக்கப்பட்டு உள்ளே விடக்கூடாது." முழுசா ஒத்துக்கறேன். எனக்கு இரக்க மார்க் வேண்டாம். ஆனா மேலே இருக்கிற கணக்கை மறுபடி பாருங்க. தப்பான விடைக்குறிப்பு ஒரு நல்ல டாக்டரை வெளியே நிறுத்துறதோட நிக்கலை. பழைய முறையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறவருக்கு ஒரு மார்க் போட்டு உள்ளே அனுப்புது. நோயாளியோட பாதுகாப்புன்னு பேசறவங்கதான் முதல்ல "விடைக்குறிப்பைக் காட்டு"ன்னு கேட்கணும்.

11/ "நிபுணர்கள் தேர்வு முடிஞ்சதும் ஒவ்வொரு கேள்வியையும் சரிபார்க்கிறாங்களே"ன்னு கேட்பீங்க. உண்மைதான். தேர்வு முடிஞ்சதும் துறை ஆசிரியர்களை வச்சு கேள்விகளையும் விடைகளையும் பரிசீலிச்சோம்னு ரிசல்ட் அறிவிப்புகள்லயே வாரியம் எழுதுது. தப்பான கேள்வின்னு தெரிஞ்சா எல்லாருக்கும் மார்க் கொடுக்கிற விதியும் இருக்கு. அப்படின்னா தப்பு வரலாம்னு அவங்களே ஏத்துக்கறாங்க. சந்தோஷம். ஆனா பரிசீலிச்சது யார் கண்ணுலயும் படலை. பரிசீலிச்சவங்க கவனிக்காம விட்டதை யார் கண்டுபிடிப்பாங்க?

12/ தப்பான விடைக்குறிப்பைக் கண்டுபிடிக்க மந்திரம் தேவையில்லை. தேர்வுத் துறையில இருக்கிற சாதாரண கணக்கு போதும். மொத்த மதிப்பெண்ணை வச்சு மேல இருக்கிற 27 சதவீதம் பேரையும், கீழ இருக்கிற 27 சதவீதம் பேரையும் தனியா எடுப்பாங்க. ஒரு நல்ல கேள்வியில மேல் குழு அதிகமா சரியான விடையைப் போடும், கீழ் குழு குறைவாப் போடும்.

13/ ஆயிரம் பேர் எழுதினாங்கன்னு வச்சுப்போம். மேல் குழு 270, கீழ் குழு 270. நம்ம டி.பி. கேள்விக்கு "ஆ" போட்டவங்க மேல் குழுவுல 62, கீழ் குழுவுல 108. அதாவது நல்லாப் படிச்சவங்கள்ல 23 சதவீதம், படிக்காதவங்கள்ல 40 சதவீதம். "இ" போட்டவங்க மேல் குழுவுல 189 பேர், 70 சதவீதம். ஒரு கேள்வியை நல்லாப் படிச்சவங்க தப்பாவும், படிக்காதவங்க சரியாவும் போடறாங்கன்னா, தப்பு மாணவர்கிட்ட இல்லை. விடைக்குறிப்பு மேல உடனே கை வைக்கணும்.

14/ ஆனா இந்த எண்கள் வாரியத்தோட கணினியில மட்டும்தான் இருக்கு. எந்தக் கேள்விக்கு இந்தச் சோதனை நடந்தது, எதை நீக்கினாங்க, ஏன் நீக்கினாங்கன்னு கேள்வி வாரியா எழுதினவங்களுக்குக் காட்டறது கிடையாது. நம்புங்கன்னு சொல்றாங்க. வார்டுல நான் ஒரு ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைச் சந்தேகப்பட்டா லேப்புக்கு போன் பண்ணி "சாம்பிளைத் திரும்ப ஓட்டுங்க"ன்னு சொல்வேன். "எங்க ரிசல்ட்டைக் கேள்வி கேட்காதீங்க"ன்னு எந்த லேப்பும் சொல்லாது.

15/ சரி, 149 எடுத்த அந்தப் பொண்ணு இப்போ என்ன செய்யலாம்? படிப்படியா பார்ப்போம். முதல் படி, வாரியத்தோட இணையதளத்துல புகார் அனுப்பறது. "விதிப்படி மறுமதிப்பீடு கிடையாது"ங்கிற ஒரு வரிக்கு மேல எதிர்பார்க்க வேண்டாம். இருந்தாலும் அனுப்பி வைக்கணும், தேதியோட ஒரு பதிவு இருக்கும். மெஷின் நின்னுபோச்சு, மவுஸ் வேலை செய்யலைன்னு ஏதாவது நடந்திருந்தா, அதைத் தேர்வு மையத்துலயே, வெளியே வர்றதுக்கு முன்னாடியே எழுத்துல பதிவு பண்ணியிருக்கணும். பிறகு சொன்னா எடுபடாது.

16/ ரெண்டாவது படி, தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம். கேட்க வேண்டியது "என் மார்க் ஏன் குறைஞ்சது?" இல்லை. அது கேள்வி, தகவல் இல்லை, நிராகரிச்சுடுவாங்க. இப்படிக் கேட்கணும்: கணினியில பதிவான என் விடைகளோட நகல், அந்தக் கேள்விகளுக்கான விடைக்குறிப்பு, இந்தத் தேர்வுல நீக்கப்பட்ட அல்லது எல்லாருக்கும் மார்க் கொடுக்கப்பட்ட கேள்விகளோட எண்ணிக்கை. மூணு தனி வரி. ஒண்ணை மறுத்தாலும் மத்தது வர வாய்ப்பு இருக்கும்.

17/ சட்டம் இதுக்குப் பக்கபலமா இருக்கான்னா, பாதி இருக்கு. 2011-ல ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: திருத்தப்பட்ட விடைத்தாள் தகவல்தான், எழுதினவருக்கு அதைப் பார்க்க உரிமை உண்டு, மறுமதிப்பீடு கிடையாதுங்கிற விதி அதுக்குத் தடை இல்லை. மீதிப் பாதி இங்கே: மருத்துவத் தேர்வுகள்ல கேள்வி வங்கி சின்னது, வெளியே விட்டா தீர்ந்துடும்ங்கிற வாதத்தை 2012-ல எய்ம்ஸ் சம்பந்தப்பட்ட வழக்குல டெல்லி உயர் நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. அந்தக் கதவைத்தான் தேர்வு நடத்துறவங்க பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க.

18/ காலண்டரைப் பாருங்க. தகவல் உரிமை மனுவுக்குப் பதில் சொல்ல 30 நாள். மறுத்தா 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. அதை முடிக்க 30 நாள், இழுத்தா 45. அப்புறம் 90 நாளுக்குள்ள மத்திய தகவல் ஆணையம், அங்கே எப்போ விசாரணைக்கு வரும்னு யாருக்கும் தெரியாது. ஆனா அடுத்த தேர்வு ஆறே மாசத்துல. முதல் மேல்முறையீடு முடியறதுக்குள்ள அடுத்த தேர்வுக்கான விண்ணப்பம் வந்து நிக்கும். பொண்ணு என்ன செய்யும்? பணம் கட்டி மறுபடி படிக்க உட்காரும். அப்படித்தான் ஒவ்வொரு புகாரும் தானாவே அடங்கிப்போகுது.

19/ மூணாவது படி, கோர்ட். 2017-ல ரண் விஜய் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் வச்ச அளவுகோல் இது: மறுமதிப்பீட்டுக்கு விதி இல்லைன்னா, நீண்ட வாதம், ஊகம் எதுவும் இல்லாம பார்த்த உடனே தெரியற தப்பு இருந்தா மட்டும், அதுவும் அபூர்வமாத்தான் கோர்ட் தலையிடலாம். சந்தேகம் இருந்தா பலன் தேர்வு நடத்துறவங்களுக்கு. கோர்ட்டைக் குறை சொல்லலை. நீதிபதி டி.பி. கேள்விக்கு விடை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

20/ ஆனா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. கோர்ட் சொல்லுது: "தப்பைக் கண்ணுக்கு முன்னாடி காட்டு." வாரியம் சொல்லுது: "கேள்வியும் தரமாட்டேன், விடைக்குறிப்பும் தரமாட்டேன், ஞாபகத்துல இருக்கிறதை வெளியே சொன்னா ஒப்பந்த மீறல்." ஆதாரம் ஒரு பக்கத்துக்காரர் பூட்டுல இருக்கு, நிரூபிக்கிற பொறுப்பு இன்னொரு பக்கத்துக்காரர் தலையில இருக்கு. இதை எந்த ஊர்ப் பஞ்சாயத்துலயாவது நியாயம்னு சொல்வாங்களா?

21/ இது புதுசா நான் கண்டுபிடிச்ச வாதமும் இல்லை. 1983-ல கான்பூர் பல்கலைக்கழகம் – சமீர் குப்தா வழக்கு. அதுவும் மருத்துவ நுழைவுத் தேர்வுதான். பல்கலைக்கழகம் ரிசல்ட்டோட விடைக்குறிப்பையும் வெளியிட்டுச்சு. மாணவர்கள் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து தப்பைக் காட்டினாங்க, ஜெயிச்சாங்க. அப்போ உச்ச நீதிமன்றம் சொன்னதோட சாரம்: விடைக்குறிப்பை வெளியிடாமலே இருந்திருந்தா இந்தச் சர்ச்சையே வந்திருக்காது, ஆனா நூத்துக்கணக்கான மாணவர்களோட எதிர்காலம் இருக்கிற விஷயத்தை அப்படிப் பார்க்கிறது சரி இல்லை. நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

22/ "வெளியிட்டா லட்சம் புகார் வரும், தேர்வே நடத்த முடியாது"ன்னு பயமுறுத்துவாங்க. இளநிலை நீட்டுல விடைக்குறிப்பும் வருது, ஓ.எம்.ஆர். நகலும் வருது. கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். நம்ம டி.என்.பி.எஸ்.சி.யும் உத்தேச விடைகளை வெளியிட்டு ஆட்சேபம் கேட்குது. வானம் இடிஞ்சு விழலை.

23/ 2024 நீட் ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு இயற்பியல் கேள்வி. பழைய பாடப்புத்தகப்படி ஒரு விடை, புதுப் புத்தகப்படி இன்னொண்ணு. தேர்வு முகமை ரெண்டுக்கும் மார்க் கொடுத்துச்சு. உச்ச நீதிமன்றம் ஐ.ஐ.டி. டெல்லியில மூணு நிபுணர்களைக் கேட்கச் சொல்லுச்சு. விடை ஒண்ணுதான்னு வந்துச்சு, ரிசல்ட் திருத்தப்பட்டுச்சு. மறு தேர்வும் சேர்த்து, 67-ஆ இருந்த முழு மதிப்பெண்காரங்க 17 ஆனாங்க. அந்தத் தேர்வுல வேற ஆயிரம் குறை இருந்துச்சு. ஆனா இந்த ஒரு தப்பு திருந்தினதுக்குக் காரணம், கேள்வியும் விடையும் எல்லார் கையிலயும் இருந்ததுதான்.

24/ "அமெரிக்காவுல யு.எஸ்.எம்.எல்.இ.யும் கேள்வியைக் காட்டாதே"ன்னு ஒரு கேள்வி வரும். சரியான கேள்வி. அங்கேயும் காசு கட்டி மறுசரிபார்ப்பு கேட்டா, கணக்கை மறுபடி ஓட்டிப் பார்ப்பாங்க, அவ்வளவுதான். கேள்வி காட்டமாட்டாங்க. ஆனா அங்கே புதுக் கேள்விகளை முதல்ல மார்க் இல்லாம தாள்ல கலந்து சோதிக்கிறாங்க. கடினமான தாளுக்கும் சுலபமான தாளுக்கும் மதிப்பெண்ணைச் சமன் செய்யறாங்க. பாஸ் கோட்டையே நிபுணர்கள் அவ்வப்போது மறுபரிசீலனை பண்றாங்க. அந்த வேலைகளையெல்லாம் பொதுவெளியில விளக்கி வச்சிருக்காங்க. நாம ரகசியத்தை மட்டும் இறக்குமதி பண்ணிட்டு, அதுக்குப் பின்னாடி இருக்கிற உழைப்பை எழுத்துல காட்டாம விட்டுட்டோம்.

25/ அசைவே இல்லைன்னு சொல்லமாட்டேன். முதுநிலை நீட்டுல உச்ச நீதிமன்றம் வெளிப்படைத்தன்மை கேட்டதுக்குப் பிறகு, 2025-ல இதே வாரியம் விடைக்குறிப்பையும் எழுதினவரோட விடைகளையும் தர முன்வந்துச்சு. ஆனா எப்படி? கேள்வி இல்லை. கேள்வியோட அடையாள எண் மட்டும். எண் இத்தனைக்கு விடை "ஆ", நீங்க போட்டது "இ". அந்த எண்ல என்ன கேள்வி இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? நோயாளி பேரே இல்லாத எக்ஸ்-ரேயைக் கையில கொடுத்து "பார்த்துக்கோங்க"ன்னு சொல்ற மாதிரி.

26/ அப்போ என்ன பண்ணணும்? கேள்வி வங்கியைத் தெருவுல கொட்டச் சொல்லலை. மூணே மூணு. ஒண்ணு: 145-ல இருந்து 149 வரை எடுத்தவங்க மட்டுமாவது தேர்வு மையத்துல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து, போன் இல்லாம, நகல் இல்லாம, தன்னோட தாளையும் விடைக்குறிப்பையும் பார்க்கட்டும். கேள்வி வெளியே போகாது, ஆனா தப்பு கண்ணுல படும்.

27/ ரெண்டு: கட்டணம் கட்டி, பாடப்புத்தகப் பக்கத்தையோ தேசிய வழிகாட்டுதலையோ காட்டி ஆட்சேபிக்கட்டும். ஆட்சேபம் சரின்னா கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்க, தப்புன்னா வச்சுக்கோங்க. சும்மா கல்லெறியறவங்க குறைஞ்சுடுவாங்க. மூணு: ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் எத்தனை கேள்வி நீக்கினோம், எத்தனை விடை மாத்தினோம், எந்தப் பாடத்துல, ஏன்னு ஒரு பக்க அறிக்கை. இதெல்லாம் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் தொடங்கறதுக்கு முன்னாடி முடியணும். இல்லைன்னா பிரயோஜனம் இல்லை.

28/ கேட்கிறவங்களும் ஒண்ணு தெரிஞ்சுக்கணும். விடைக்குறிப்பு திருந்தினா மார்க் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். டி.பி. கேள்விக்கு "இ"ன்னு மாத்தினா அந்தப் பொண்ணு 150. கூடவே "ஆ" போட்டு 150 எடுத்தவர் 149. அவர் வீட்டுலயும் அழுகை இருக்கும். அதனாலதான் இதை ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே, உத்தேச விடைகளோட செய்யணும்னு சொல்றேன். பதிவு எண் வாங்கி ஸ்டெத்தைத் தோள்ல போட்ட பிறகு ஒருத்தர்கிட்ட இருந்து பிடுங்கறது கொடுமை.

29/ தேர்வு கஷ்டமா இருக்கட்டும். நாளைக்கு என் அம்மாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சுத்திணறல் வந்தா கேஷுவாலிட்டியில நிக்கப்போறவர் அந்தத் தேர்வைத் தாண்டி வந்தவர்தான். அதனாலயே கேட்கிறேன். அவர் எந்த விடைக்கு மார்க் வாங்கி உள்ளே வந்தார்னு சரிபார்க்க ஒரு வழி இருக்கணும். வெளியே நிக்கிறவர் எந்த விடைக்கு மார்க் இழந்தார்னு தெரிஞ்சுக்கவும் ஒரு வழி இருக்கணும். 149-ஐ 150 ஆக்குங்கன்னு யாரும் கேட்கலை. அந்த 149-ஐக் காட்டுங்கன்னுதான் கேட்கிறோம்.